ஷிப்ட் மாறும் வாரத்தில் ஆன்டிபயாட்டிக்: மூன்று வேளையா, எட்டு மணிக்கு ஒன்றா?

பல்லடம் கலை (வியாழன், இரவு 7:10)

வணக்கம்ங்க. என் வீட்டுக்காரர் இங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேமில் வேலை பார்க்கிறார். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து கன்னம் வீங்கிவிட்டது. இன்று சாயங்காலம் பல் டாக்டர் கொஞ்சம் திறந்து சீழை வெளியே விட்டார். ஐந்து நாளைக்கு அமாக்சிசிலின் 500 கேப்சூல், மெட்ரோனிடசோல் 400 மாத்திரை, இரண்டும் 1-1-1 என்று எழுதியிருக்கிறார். வலி இருந்தால் மட்டும் பாராசிட்டமால் 650. வீக்கம் வடிந்ததும் வேர் சிகிச்சைக்கு வரச் சொன்னார்.

குழப்பம் என்னவென்றால், இந்த வாரம் அவருக்கு முழு நைட். ராத்திரி 12 மணிக்கு உள்ளே போனால் காலை 8 மணிக்கு வெளியே. ஞாயிறு காலை வந்தால் அன்று முழுக்க ஓய்வு, திங்கள் காலை 8 மணியிலிருந்து பகல் ஷிப்ட். காலை என்றால் இப்போது அவர் தூங்கப் போகிற நேரம், மதியம் என்றால் நடுத்தூக்கம். மருந்துக் கடையில் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றார்கள். டாக்டரின் உதவியாளர் பெண் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு என்றார். எதைக் கேட்பது? முதல் வேளை 6 மணிக்குப் போட்டாயிற்று.

உடுமலை ராஜா (வியாழன், இரவு 7:32)

இதில் குழப்பமே இல்லைங்க. 24 மணி நேரத்தை மூன்றால் வகுத்தால் எட்டு. எந்த மருந்தானாலும் மூன்று வேளை என்றால் எட்டு மணிக்கு ஒன்று என்றுதான் பொருள். 6 மணிக்குப் போட்டால் அடுத்தது ராத்திரி 2 மணி, அப்புறம் காலை 10 மணி. தூக்கத்தில் இருந்தாலும் அலாரம் வைத்து எழுப்பிவிடுங்கள். ஒரு மணி நேரம் தள்ளினாலும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

சோமனூர் தறி (வியாழன், இரவு 8:05)

நானும் ராத்திரி ஷிப்டுதான் கண்ணு, விசைத்தறி. எனக்கும் மூன்று வேளை மாத்திரை, சர்க்கரைக்கு. மெட்ஃபார்மினும் வோக்லிபோஸும். எட்டு மணிக்கு ஒன்று என்று கணக்கு வைத்து ஒரு வாரம் பார்த்தேன். தூக்கத்தில் எழுந்து வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, சர்க்கரையும் குறையவில்லை. சாப்பாட்டோடு போடுவதுதான் சரி. உங்கள் வீட்டுக்காரரையும் சோறு உண்ணும்போது மட்டும் போடச் சொல்லு சாமி.

கோபி மருந்தாளுநர் (வியாழன், இரவு 9:15)

கலை அம்மா, அடுத்த வேளை நெருங்குவதால் முதலில் விடை. 6 மணிக்குப் போட்டதால், ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது 11:30 மணிக்கு அடுத்தது போடட்டும். ஐந்தரை மணி நேர இடைவெளிதான், இந்த மருந்துக்கு ஒரு முறை அப்படி நெருங்குவது தவறில்லை. அதற்கப்புறம் காலை 8, மாலை 4, இரவு 11:30 அல்லது 12. முழு நைட் முடியும்வரை இதையே பிடித்துக்கொள்ளுங்கள். காலை வேலை முடிந்து வந்ததும் ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று, வேலைக்குப் போகும் முன் ஒன்று. தூக்கம் இரண்டு வேளைக்கு நடுவில் முழுசாக அடங்கிவிடும்.

இப்போது ஏன் என்று சொல்கிறேன். ராஜா சொன்னதில் பாதி சரி, சோமனூர் அண்ணன் சொன்னது அவருடைய மாத்திரைக்குச் சரி.

அமாக்சிசிலின் உடம்பில் நிற்காத மருந்து. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ரத்தத்தில் இருக்கும் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த மணியில் அதிலும் பாதி. உச்சத்துக்கு ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உச்ச அளவில் அறுபதில் ஒரு பங்குதான் மிச்சம். இந்த மருந்து கிருமியைக் கொல்வது எவ்வளவு உயரம் போகிறது என்பதால் அல்ல, கிருமிக்குத் தேவையான அளவுக்கு மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால். ஒவ்வொரு இடைவெளியிலும் ஏறக்குறைய பாதி நேரமாவது அந்த அளவுக்கு மேலே நிற்க வேண்டும். எட்டு மணி இடைவெளியில் அது கிடைக்கும். பன்னிரண்டு மணி இடைவெளி என்றால் நீண்ட நேரம் கிருமிக்கு எதிரே ஒன்றுமே இருக்காது.

காலை, மதியம், இரவு என்று சாப்பாட்டை வைத்துப் போட்டால் முழு நைட்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். காலை 9 மணிக்கு ஒன்று. மதியம் தூக்கம், எழுந்து 5 மணிக்கு ஒன்று. இரவு சாப்பிட்டு 9 மணிக்கு ஒன்று. அடுத்தது மறுநாள் காலை 9. இடைவெளி எட்டு, நாலு, பன்னிரண்டு. தாளில் மூன்று வேளையும் சரியாகப் போட்ட கணக்கு. ஆனால் மில்லில் நிற்கும் நேரத்தில் பெரும்பகுதி மருந்தில்லாமல் ஓடுகிறது.

மெட்ரோனிடசோல் வேறு மாதிரி. அது பாதியாகவே எட்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு வேளை போட்டது அடுத்த வேளைக்கும் கை கொடுக்கும். அதனால் அதில் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் ஒன்றும் கெடாது. அமாக்சிசிலின் நேரத்தோடு சேர்த்தே போடலாம், வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். அமாக்சிசிலினுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

உடுமலை ராஜா (வியாழன், இரவு 9:31)

நீங்களும் எட்டு மணி என்றுதானே சொல்கிறீர்கள் அண்ணா. என்ன பாதி சரி?

கோபி மருந்தாளுநர் (வியாழன், இரவு 9:50)

எந்த மருந்தானாலும் என்றீர்களே, அந்தப் பாதி தவறு ராஜா. அப்புறம் ஒரு மணி நேரம் தள்ளினால் கிருமி பழகிவிடும் என்பது. அப்படி இல்லை. ஏழு மணியோ ஒன்பது மணியோ இந்த மருந்துக்குச் சமாளிக்கக்கூடிய இடைவெளிதான். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை அமாக்சிசிலினுக்குச் சொல்வதும் இதையே: மூன்று வேளை என்றால் எழுந்ததும் ஒன்று, பிற்பகல் நடுவில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. தூக்கத்தைக் கெடுத்து 2 மணிக்கு எழுப்பச் சொல்லவில்லை.

சோமனூர் அண்ணனின் வோக்லிபோஸ் சோற்றில் உள்ள மாவுச்சத்து குடலில் சீக்கிரம் சர்க்கரையாகாமல் தடுக்கும். முதல் கவளத்தோடு போனால்தான் அதற்கு வேலை. சோறு இல்லாத நேரத்தில் போட்டால் வீண். மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் புரட்டும். அவை இரண்டும் சாப்பாட்டைப் பின்தொடரும் மருந்து, நேரத்தை அல்ல. அண்ணா, ஷிப்ட் மாறும்போது உங்கள் சாப்பாடு எங்கே போகிறதோ மாத்திரையும் அங்கே போகட்டும். அதோடு கிளிமிபிரைடும் சேர்த்து எழுதியிருந்தால் அது தனி விஷயம். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கினால் சர்க்கரை அடியோடு இறங்கும். அந்த நேரத்தை டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சோமனூர் தறி (வியாழன், இரவு 10:12)

கிளிமிபிரைடு இருக்குதுங்க, காலையில் ஒன்று. தறியிலிருந்து வந்து அதைப் போட்டுவிட்டு டீ மட்டும் குடித்துப் படுப்பேன். எழுந்தால் சில நாள் சட்டை நனைந்து கிடக்கும், கை நடுங்கும். வெக்கை என்றல்லவா நினைத்தேன்.

கோபி மருந்தாளுநர் (வியாழன், இரவு 10:20)

அண்ணா, அது வெக்கையாக இருக்காது. நாளைக்கே டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அதுவரை அந்த மாத்திரை போட்டால் சாப்பிடாமல் படுக்காதீர்கள். நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அப்புறம் ஏதாவது உண்ணுங்கள். வோக்லிபோஸ் போடுபவருக்குச் சாதாரண சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறாது. கலை அம்மாவின் இழை இது, உங்களுக்குத் தனியாகத் தகவல் பெட்டியில் எழுதுகிறேன்.

ரிங்பிரேம் மணி (வெள்ளி, காலை 8:40)

நானும் அதே வேலைதான் அக்கா, அவினாசிப் பக்கம். கோபி அண்ணன் சொன்ன நேரம் மில் சங்கு ஊதும் நேரமேதான். காலை 8, மாலை 4, ராத்திரி 12, மூன்று ஷிப்டும் மாறுகிற நேரம். அரை நைட் பார்ப்பவருக்கும் பொருந்தும். 4 மணிக்கு உள்ளே போகும் முன் ஒன்று, 12 மணிக்கு வெளியே வந்ததும் ஒன்று, தூங்கி எழுந்து காலை 8 மணிக்கு ஒன்று. எப்போதும் வேலைக்கு வெளியேதான் வரும், பிரேமை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை.

எங்கள் மில்லில் டிபார்ட்மென்டுக்குள் போன் விடமாட்டார்கள். அலாரத்தை நம்ப முடியாது. சங்கை நம்பலாம்.

ஆனால் பகல் ஷிப்டில் இடிக்கும். 12 மணி வரைக்கும் யார் முழித்திருப்பார்கள்? காலை ஐந்தரை, ஆறுக்கு எழ வேண்டுமே.

கோபி மருந்தாளுநர் (வெள்ளி, மதியம் 1:15)

மணி சரியான இடத்தைப் பிடித்தார். ஷிப்ட் மாறும் நாளில்தான் எல்லாம் குழறுபடி ஆகும். கலை அம்மா, அதை முழுசாக எழுதிவிடுகிறேன், காகிதத்தில் எழுதி அட்டையோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் 8, 4, 11:30. ஞாயிறு காலை வேலை முடிந்து வந்து 8 மணிக்கு ஒன்று. தூங்கி எழுந்து மாலை 4 மணிக்கு ஒன்று. ஞாயிறு இரவு 12 வரை காக்க வேண்டாம், படுக்கும் முன் 10:30 அல்லது 11 மணிக்குப் போட்டுவிடட்டும். திங்கள் காலை கிளம்பும் முன் 7 மணிக்கு ஒன்று. அன்று 3 மணிக்கு என்பது பிரேமில் நிற்கும் நேரம், 4 மணிக்கு வெளியே வந்ததும் போடட்டும், ஒன்பது மணி இடைவெளி, பரவாயில்லை. இரவு 11 மணிக்கு ஒன்று. செவ்வாய் காலை 7 மணிக்குக் கடைசி. வியாழன் 6 மணியிலிருந்து எண்ணினால் சரியாகப் பதினைந்து. எந்த இடைவெளியும் ஐந்தரைக்குக் குறையவில்லை, ஒன்பதைத் தாண்டவில்லை.

மாறும் நாளில் வழக்கமாக நடப்பது இது: ஞாயிறு காலை போட்டுவிட்டுப் படுப்பார், மாலை எழுந்ததும் இதுதான் காலை வேளையா மதிய வேளையா என்று தெரியாமல் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுவார். ஒரு வேளை காணாமல் போகும். அப்புறம் ஞாபகம் வந்து இரண்டைச் சேர்த்துப் போடுவார். இந்த மருந்தில் அது பலிக்காது. அளவு பாதியாக ஒரு மணி நேரம் என்றேனே, இரண்டு கேப்சூல் சேர்த்துப் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம் போலத்தான். வயிற்றுப்போக்குதான் மிச்சம். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் ஒன்று போடட்டும். அடுத்த வேளை ஒன்றிரண்டு மணியில் இருந்தால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடரட்டும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க அட்டையை எண்ணினால் போதும். ஞாயிறு படுக்கும் முன் போட்ட பிறகு நாலு கேப்சூல் இருக்க வேண்டும். ஐந்தோ ஆறோ இருந்தால் ஏதோ ஒரு வேளை தவறியிருக்கிறது.

ஈரோட்டு நர்ஸ் அக்கா (வெள்ளி, மாலை 5:05)

வார்டில் நாங்கள் எட்டு மணி மருந்தை 6, 2, 10 என்றுதான் போடுகிறோம். நோயாளி தூங்கினாலும் எழுப்பித்தான் ஊசி போடுவோம். இரண்டு மணி தள்ளிப்போனால் சார்ட்டில் காரணம் எழுத வேண்டும். ஒன்பது மணி பரவாயில்லை என்று பொதுவில் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பது என்று சொன்னால் மக்கள் பதினொன்று ஆக்குவார்கள்.

வீட்டில் இருப்பவருக்கும் 6, 2, 10 நல்ல கணக்கு. பகல் ஷிப்டுக்கு 2 மணி டிபன் பாக்ஸோடு கேப்சூலைக் கொடுத்தனுப்பலாமே?

ரிங்பிரேம் மணி (வெள்ளி, மாலை 5:40)

பகல் ஷிப்டில் சாப்பாடு 11 மணி வாக்கில் முடிந்துவிடும் அக்கா. 2 மணிக்கு மாற்றுக்கு ஆள் நிறுத்தினால்தான் தண்ணீர் குடிக்கவே போக முடியும். முழு நைட்டுக்காரருக்கு 2 மணி நடுத்தூக்கம். ஒரே வாரத்தில் இரண்டும் வருகிறது, அதுதான் சிக்கல்.

கோபி மருந்தாளுநர் (வெள்ளி, இரவு 9:30)

அக்கா, வார்டில் படுத்திருப்பவரின் நோய் வேறு. ரத்தத்தில் கிருமி கலந்தவருக்கு நீங்கள் செய்வதுதான் சரி, அங்கே நானும் ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். இவருக்குச் சீழ் வெளியே போய்விட்டது, மருந்து துணைக்குத்தான். பல்லுக்குள் இருக்கும் அழுகலை மாத்திரை எட்டாது. வேர் சிகிச்சை செய்யாமல் விட்டால் எட்டு மணிக்கு ஒன்று என்று துல்லியமாகப் போட்டாலும் திரும்ப வீங்கும். இரவு வேலை பார்த்து வந்தவரின் தூக்கத்தை இந்தக் கணக்குக்காக உடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, தூக்கக் கலக்கத்தில் பிரேம் முன்னால் நிற்கப் போகிறவர் அவர்.

ஈரோட்டு நர்ஸ் அக்கா (வெள்ளி, இரவு 9:58)

சீழ் முழுசாக வந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் இறுக்கமாகப் போடச் சொல்கிறேன். கலை, வாய் திறக்க முடியாமல் போனாலோ, வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டாலோ, அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்காமல் நடு ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உடம்பில் தடிப்பு, முகம் உதடு வீங்கினாலும் அப்படித்தான், மருந்தையும் நிறுத்துங்கள்.

கோபி மருந்தாளுநர் (வெள்ளி, இரவு 10:04)

இதில் அக்கா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

கரூர் முத்து (சனி, காலை 7:20)

நல்ல தகவல்ங்க. என் அப்பா செக்யூரிட்டி, ராத்திரி டூட்டி. நெஞ்சுவலிக்கு ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரை மூன்று வேளை. இதுவரை காலை 7, மதியம் 12, மாலை 5 என்று போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்க மருந்தில்லாமல் இருக்கிறாரே என்று இதைப் படித்ததும் தோன்றியது. ராஜா சொன்ன மாதிரி எட்டு எட்டு மணியாக மாற்றிவிடட்டுமா?

கோபி மருந்தாளுநர் (சனி, காலை 7:45)

மாற்றாதீர்கள் தம்பி! அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. நைட்ரேட் வகை மருந்து நாள் முழுக்க ரத்தத்தில் இருந்தால் ரத்தக் குழாய் அதற்கு மசியாமல் போய்விடும். அதனால்தான் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது மருந்தில்லாத நேரம் வைக்கிறார்கள். ராஜா, எந்த மருந்தானாலும் என்று சொல்லக் கூடாது என்றது இதற்காகத்தான்.

ஆனால் முத்து, உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நேரம் பகலில் நடமாடி இரவில் தூங்குபவருக்குப் போட்டது. உங்கள் அப்பா நடப்பதும் படி ஏறுவதும் ராத்திரி. மருந்தில்லாத நேரம் அவர் வேலை நேரத்தில் விழுகிறது. அதைத் தூக்க நேரத்துக்கு நகர்த்தலாமா என்று இதய டாக்டரிடம் கேளுங்கள். வலி எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள், அவருக்கு அதுதான் தேவைப்படும். நீங்களாக நிறுத்தவோ நகர்த்தவோ வேண்டாம்.

உடுமலை ராஜா (சனி, காலை 8:10)

சரிங்க அண்ணா, மூன்று வேளை என்று எழுதினாலும் மருந்தின் பெயர் தெரியாமல் நேரம் சொல்லக் கூடாது என்று புரிந்தது. ஆன்டிபயாட்டிக்குக்கு எட்டு மணி என்பதை மட்டும் விடமாட்டேன்.

பல்லடம் கலை (சனி, மாலை 6:30)

எல்லாருக்கும் நன்றிங்க. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது, சோறு மென்று சாப்பிடுகிறார். 8, 4, 11:30 நன்றாகப் போகிறது. இரண்டு கேள்வி. நேற்று ராத்திரி வேலையில் வலி வந்ததாம், கூட வேலை பார்ப்பவர் உடம்பு வலிக்கு வைத்திருந்த மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார். அதையும் எட்டு மணிக்கு ஒன்று என்று கணக்கு வைக்கலாமா? இன்னொன்று, நாளைக்கு லீவு, அவருடைய மாமன் வீட்டில் விசேஷம். கொஞ்சம் குடிப்பார். அதைச் சொல்லித் தடுக்க என்னிடம் காரணம் வேண்டும்.

கோபி மருந்தாளுநர் (சனி, மாலை 7:00)

காரணம் மெட்ரோனிடசோல். அதோடு சாராயம் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி புரட்டி எடுக்கும். எல்லாருக்கும் வரும் என்றில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கடைசி மாத்திரை செவ்வாய் என்றால் வெள்ளி வரை தொடக் கூடாது. வாயில் இரும்புச் சுவை வருகிறது என்பாரே, அது அந்த மாத்திரையின் சுவைதான், பயப்பட வேண்டாம்.

வலி மாத்திரைக்கு எட்டு மணிக் கணக்கு இல்லை. வலி இருந்தால் மட்டும், குறைந்தது ஆறு மணி இடைவெளி, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். கூட வேலை பார்ப்பவர் தந்தது எது என்று அட்டையைப் பாருங்கள். உடம்பு வலிக்கு வாங்கும் பல மாத்திரைகளில் அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அதையும் 650ஐயும் சேர்த்துப் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகி ஈரலுக்குக் கேடு. டாக்டர் எழுதியது மட்டும் போதும்.

திருப்பூர் செக்கிங் (ஞாயிறு, காலை 10:25)

எனக்கும் பல் பிரச்சினை, அதே கேப்சூல். ஆனால் எங்கள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை. எட்டு மணி ஷிப்டே கிடையாது. இரண்டு வேளை போடுகிற மாத்திரை ஏதாவது உண்டா அண்ணா?

கோபி மருந்தாளுநர் (ஞாயிறு, காலை 11:10)

உண்டு. அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது, கடையில் 1 கிராம் என்று கேட்பார்கள், பன்னிரண்டு மணிக்கு ஒன்று. ஆனால் அது இன்னும் வலுவான மருந்து, வயிற்றுப்போக்கு அதிகம், தேவையில்லாமல் அதற்குப் போவதும் நல்லதல்ல. ஷிப்டுக்காக அதை மாற்றலாமா என்பதைப் பல் டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இருப்பதை வைத்தே பாருங்கள் தங்கை. காலை 7, மாலை 3:30, இரவு 11. உங்களுக்கு மாலை டீ இடைவேளை எப்போது விடுவார்கள்?

திருப்பூர் செக்கிங் (ஞாயிறு, காலை 11:18)

நாலு மணிக்கு விடுவாங்க.

கோபி மருந்தாளுநர் (ஞாயிறு, காலை 11:21)

அப்போது போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது, ஏழு, எட்டு. அக்காவுக்கு அந்த ஒன்பது பிடிக்காது, எனக்குப் போதும்.

ஈரோட்டு நர்ஸ் அக்கா (ஞாயிறு, மதியம் 12:40)

பிடிக்கவில்லைதான். காலை 7:30 மணிக்குப் போடட்டும், எட்டரை ஆகிவிடும்.